காசியில் கடைசி இரவு: டூர் மேனேஜர் எழுந்து பேசும் பத்து நிமிடம்

தமிழ்நாட்டிலிருந்து காசிக்குப் போகும் யாத்திரைக் குழுக்களில் கடைசி நாள் இரவுச் சாப்பாட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தசாஸ்வமேதக் கட்டத்தில் கங்கை ஆரத்தி பார்த்துவிட்டு எல்லோரும் விடுதிக்குத் திரும்பியிருப்பார்கள். ஏதாவது ஒரு இனிப்போடு சாப்பாடு நடக்கும். பந்தி முடியும் நேரத்தில், சென்னையிலோ மதுரையிலோ ரயில் ஏறியதிலிருந்து கூடவே வந்த டூர் மேனேஜர் எழுந்து பத்து நிமிடம் பேசுவார். மறுநாள் ஊருக்குத் திரும்பும் விவரம் சொல்வார், நன்றி சொல்வார். கேட்பவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள்.

இந்தப் பேச்சை வெறும் சம்பிரதாயமாக நினைத்து ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. உள்ளன்போடு பேசி, வருஷக்கணக்காக மனத்தில் நிற்கும்படி செய்கிறவர்களும் உண்டு. நல்ல குரலோ நாவன்மையோ இந்த வித்தியாசத்துக்குக் காரணமில்லை என்பது என் எண்ணம். யாத்திரை முழுக்க அவர் எதையெல்லாம் கவனித்தார் என்பதுதான் அந்தப் பத்து நிமிடத்தில் வெளியே வருகிறது.

கைடு வேறு, டூர் மேனேஜர் வேறு. கைடு உள்ளூர்க்காரர், சாரநாத்தில் ஒருவர், போத்கயாவில் வேறொருவர் என்று மாறிக்கொண்டே இருப்பார். பிரயாகையில் சங்கல்பம் செய்துவைக்கும் வாத்தியாரும், கயாவில் பிண்டம் போடவைக்கும் வாத்தியாரும் அந்தந்த ஊரோடு சரி. முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை கூடவே இருப்பது டூர் மேனேஜரும், தமிழ்நாட்டிலிருந்தே வரும் சமையல் ஆட்களும்தான். முழங்கால் வலிக்காரருக்குக் கீழ்த்தளத்தில் அறை வாங்கித் தருவதும், பஸ் கிளம்பும் முன் தலை எண்ணுவதும், விடியற்காலை நான்கு மணிக்குக் கதவைத் தட்டுவதும் மேனேஜர் வேலை. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இரவில் தூக்கம் வராது என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் அந்தக் குழுவைப் பற்றி முழுசாகப் பேசக்கூடியவர் அவர் ஒருவரே.

எப்போது பேசுவது என்பதில் பலர் தவறுகிறார்கள். ரயில் நிலையத்தில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால் அந்தப் பேச்சு நடக்கவே நடக்காது. பிளாட்பாரத்தில் போர்ட்டர் கூலி, பெட்டி எண்ணிக்கை, எந்தக் கோச் எங்கே நிற்கும் என்ற பதைப்பு. குழு ஒரே கோச்சில் இருக்கும் என்ற நிச்சயமும் இல்லை. விமானத்தில் திரும்புகிறவர்கள் நான்கைந்து பேர் இருந்தால் அவர்கள் விடியும் முன்பே பாபத்பூர் விமான நிலையத்துக்குப் போயிருப்பார்கள். சமையல் ஆட்களோ அண்டா குண்டாவையெல்லாம் கட்டி ஏற்றுவதில் முனைந்திருப்பார்கள். எல்லோரும் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் கடைசி வேளை அந்த இரவுச் சாப்பாடுதான்.

அதிலும் சாப்பாட்டுக்கு முன்பு பேசக் கூடாது. ஆரத்தி பார்க்க முன்னதாகவே போய் உட்கார்ந்து, கூட்டத்தில் நெரிபட்டு, சந்துகளில் நடந்து திரும்பியவர்களுக்குப் பசி இருக்கும். மாத்திரை போட்டுக்கொள்ளும் வேளையும் வந்திருக்கும். சாப்பிட்டு முடித்து வெகுநேரம் கழித்தும் பேச முடியாது. சமையல்காரர்கள் பாத்திரம் தேய்க்கப் பின்கட்டுக்குப் போய்விடுவார்கள். கடைசிப் பந்தி முடிந்து, பரிமாறியவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கும் அந்த இடைவெளிதான் சரியான நேரம். விஷயம் தெரிந்த மேனேஜர், எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அடுப்படியில் முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பார்.

பேச்சில் முதலில் வரவேண்டியது நன்றி அல்ல, நாளைய விவரம். காலையில் எத்தனை மணிக்குப் பெட்டியை வெளியே வைக்க வேண்டும் என்பது தெரியாதவரை, வயதானவர்கள் மனம் வேறெதிலும் தங்காது. நடுவில் யாராவது ஒருவர், “தம்பி, நாளைக்கு வெந்நீர் உண்டா?” என்று கேட்டுவிட்டால் அதுவரை சொன்ன நல்ல வார்த்தையெல்லாம் கரைந்துவிடும். அதனால் இதை முதலில் முடித்துவிட வேண்டும். காலை எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், பெட்டி எங்கே வைப்பது, காபி எப்போது, வழியில் சாப்பிடப் பொட்டலம் என்ன, ஆதார் அட்டையும் மாத்திரையும் பெட்டிக்குள் போகாமல் கைப்பையில் இருக்க வேண்டும் என்பது. விடுதியில் மறந்துபோகும் பொருட்களையும் பேர் சொல்லி நினைவுபடுத்த வேண்டும்: மொட்டைமாடிக் கொடியில் காயும் ஈரத்துண்டு, சுவரில் செருகிய சார்ஜர், வாஷ்பேசின் ஓரம் டம்ளரில் கிடக்கும் பல்செட்.

காசிக் குழுவுக்கு மட்டும் உரிய விவரம் ஒன்று இருக்கிறது: கங்கைச் செம்பு. ஏறக்குறைய எல்லோருமே கங்கை நீர் அடைத்து வாய் பற்றவைத்த சிறு செம்புகளை வாங்கியிருப்பார்கள். சிலவற்றில் பற்று சரியாகப் பிடித்திருக்காது. இரவு படுக்கும் முன் ஒரு செய்தித்தாளை விரித்து அதன்மேல் செம்பைத் தலைகீழாக நிறுத்திவைத்தால், காலையில் தாள் நனைந்திருக்கிறதா இல்லையா என்பதில் தெரிந்துவிடும். ரயிலில் போகிறவர்கள் அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவைத்துவிடுவார்கள். செக்-இன் செய்யும் பெட்டிக்குள்தான் போக வேண்டும். இதைக் கடைசி இரவே சொல்லவில்லை என்றால், யாத்திரையிலேயே அருமையான பொருளை ஒரு அம்மா விமான நிலையத்தில் இழந்துவிட்டுப் போவார்.

இதற்குப் பிறகு நன்றி. “உங்க ஒத்துழைப்புக்கு மிக்க நன்றி, மீண்டும் சந்திப்போம்” என்ற வாக்கியத்தை எந்தக் குழுவிடமும் சொல்லலாம். அதனாலேயே யார் நெஞ்சிலும் அது தங்குவதில்லை. அந்தக் குழுவுக்கு மட்டுமே சொல்லக்கூடியது என்ன என்று தேட வேண்டும். அதைக் கடைசி இரவு உட்கார்ந்து யோசித்தால் பாதிதான் நினைவுக்கு வரும். தினமும் தலை எண்ணும் பட்டியல் கையில் இருக்கிறதே, அதன் ஓரத்தில் ஒவ்வொரு இரவும் ஒரு வரி குறித்துக்கொள்கிற மேனேஜருக்கு இந்தத் தொல்லை இல்லை.

குறித்துக்கொள்ள என்ன இருக்கும்? காசியில் பெரிய பஸ் கோயில் பக்கம் வர முடியாது. தூரத்தில் இறங்கி, பேட்டரி ரிக்‌ஷாவில் நாலைந்து பேராகப் பிரிந்து போய், பிறகு நடக்க வேண்டும். விசுவநாதர் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வெளியே லாக்கரில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஆகவே உள்ளே யாராவது வழிதவறினால் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. இப்படிப்பட்ட ஊரில் மேனேஜர் வரிசையின் முன்னால் போனால், வரிசையின் கடைசியில் ஒருவர் வேண்டும். பல குழுக்களில் இதை யாரும் சொல்லாமலே ஒருவர் ஏற்றுக்கொண்டிருப்பார். எல்லோரும் போன பிறகுதான் அவர் நகர்வார். அவர் தெரிந்தால் மேனேஜருக்குக் கடைசி ஆள் வந்தாயிற்று என்று அர்த்தம். அவருக்கே தான் ஒரு வேலை செய்ததாகத் தெரியாமல்கூட இருக்கலாம். கடைசி இரவில் அதை எடுத்துச் சொல்வதுதான் நன்றி.

ஆனால் பேர் சொல்லி நன்றி சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முப்பது பேரில் மூன்று பேரைச் சொன்னால் இருபத்தேழு பேர், “நாம என்ன செஞ்சோம்னு இவர் கண்ணுக்குப் படலையா?” என்று நினைப்பார்கள். பதினைந்து இருபது பேர் கொண்ட குழுவானால் ஆளுக்கு ஒரு வரி சொல்லிவிடலாம், நேரம் போதும். அதற்கு மேல் போனால் செயல்களைச் சொல்லி, அதைச் செய்தவர்கள் தாங்களே தங்களை அடையாளம் கண்டுகொள்ளும்படி விடுவது நல்லது. கீழ்ப் படுக்கையை விட்டுக்கொடுத்தவர்கள், அடுத்தவர் பையைத் தூக்கியவர்கள், இந்தி தெரிந்ததால் கடை கடையாக எல்லோருக்கும் பேரம் பேசியவர்கள் என்று சொல்லும்போது கூடத்திலிருப்பவர்களே அந்த ஆளைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

சொல்லக் கூடாதவையும் இருக்கின்றன. இதில் மேனேஜரின் பக்குவம் தெரிந்துவிடும். கயாவில் விஷ்ணுபாதத்திலும் அட்சயவடத்தடியிலும் பிண்டம் போடும்போது மனிதர்கள் உடைந்து அழுவார்கள். யாருக்காக ஒருவர் வந்திருக்கிறார் என்பது மேனேஜருக்குத் தெரிந்திருக்கும். மகனுக்குப் பிண்டம் போட வந்த ஒரு தகப்பனாரைப் பற்றிக் கூடத்தில், “எவ்வளவு தைரியமா இருந்தீங்க அய்யா” என்று பாராட்டினால் அது நன்றி ஆகாது. அவர் மூடிவைத்திருந்ததை முப்பது பேர் முன்னால் திறந்துவிடுவதாகும். அவரிடம் சொல்ல வேண்டியதை அறை வாசலில், தனியாக, இரண்டு வார்த்தையில் சொல்ல வேண்டும். உடம்புக் கோளாறும், பணம் தவணையாகக் கட்டியதும் இதே போலத்தான். பிரயாகையில் நடக்கும் வேணி தானத்தைப் பற்றியும் யோசித்தே பேச வேண்டும். கணவர் மனைவியின் பின்னலை முடித்து நுனியை நறுக்கித் திரிவேணியில் விடும் அந்தச் சடங்கு, பலருக்கு யாத்திரையிலேயே மறக்க முடியாத காட்சி. அந்த நேரத்தில் படகின் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்த, துணையை இழந்த பெண்களும் இதே கூடத்தில்தான் இருக்கிறார்கள். தம்பதிகளை மட்டும் வாழ்த்திப் பேசுகிற மேனேஜர் அவர்களை இரண்டாம் முறை ஒதுக்கிவைக்கிறார்.

குறைசொல்லிக்கொண்டே வந்தவரை என்ன செய்வது? எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். காபி சூடில்லை, அறை சரியில்லை, பஸ் தாமதம் என்று. அவரைக் கிண்டல் செய்து கூட்டத்தைச் சிரிக்கவைப்பது சுலபம், ஆனால் கீழான காரியம். அவர் சொன்ன குறையில் ஒன்றாவது உண்மையாக இருந்திருக்கும். அதனால் எல்லோருக்கும் ஒரு நன்மை நடந்திருக்கும். அதைத் தேடிப் பிடித்துச் சொன்னால் போதும்.

பயணத்தில் நடந்த கோளாறுக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். என்ன நடந்தது, அதனால் யாருக்குக் கஷ்டம், அதைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி, அவ்வளவுதான். விடுதிக்காரரையும் பஸ்காரரையும் குற்றம் சொல்லத் தொடங்கினால் நன்றிக் கூட்டம் பஞ்சாயத்தாக மாறிவிடும்.

இதையெல்லாம் வைத்து ஒரு பேச்சைக் கட்டிப்பார்ப்போம். முப்பது பேர் கொண்ட ஒரு கற்பனைக் குழு. பிரயாகை, காசி, கயா, போத்கயா முடித்து மறுநாள் ரயில். நாளைய விவரத்தைச் சொல்லி, சந்தேகங்களுக்குப் பதிலும் சொல்லிவிட்டார். சமையல் ஆட்கள் மூன்று பேரும் சுவரோரம் வந்து நிற்கிறார்கள். இனி அவர் பேசுவது:

“அம்மா, அய்யா, எல்லாரும் சாப்பிட்டாச்சு. இனிமே நான் மணி எதுவும் சொல்லப் போறதில்ல. ரெண்டு நிமிஷம் மனசுல இருக்கறத சொல்லிடறேன்.

“கயாவுக்குப் போன அன்னிக்கு ராத்திரி ரெண்டரை மணிக்கு உங்களை எழுப்பினேன். மூணேகாலுக்கு பஸ்ஸுல ஏறிப் பார்த்தா முப்பது பேரும் உட்கார்ந்திருந்தீங்க. ஒருத்தரைக்கூட நான் ரெண்டாந்தடவை கூப்பிடல. வழியில டயர் மாத்த ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. குளிர்ல ரோட்டோரம் நின்னீங்க. யாரோ ஒருத்தர் பிளாஸ்க்கத் திறந்து வெந்நீர் குடுத்தீங்க, அது கைமாறிக் கைமாறிக் கடைசி சீட்டு வரைக்கும் போச்சு. அந்தத் தாமதத்துக்கு நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். பொறுத்துக்கிட்டதுக்கு நன்றி.

“ரயில்ல கீழ் பர்த்தை விட்டுக் குடுத்துட்டு மேல ஏறிப் படுத்தவங்க இங்க நாலு பேர் இருக்கீங்க. உங்களுக்கும் முட்டி வலிதான், எனக்குத் தெரியும். சந்துல மழைத்தண்ணி நின்னப்போ மதுரை பாட்டிய ரெண்டு பக்கமும் பிடிச்சிக் கூட்டிட்டு வந்தவங்க, அதுக்கு முந்தின நாள் வரைக்கும் அவங்களுக்கு யாரோ. தஞ்சாவூர் அய்யா ஒருத்தர் தினமும் வரிசையில கடைசியாத்தான் வந்தார். ஏன்னு நீங்க யாரும் கேட்கல. அவர் வந்துட்டார்னா எல்லாரும் வந்தாச்சுன்னு நான் நிம்மதியா பஸ் எடுக்கச் சொல்லுவேன். அய்யா, நீங்க இல்லைன்னா நான் இந்த ஊர்ல தவிச்சிருப்பேன்.

“முதல் நாளே ஒரு அய்யா வந்து, குளியலறைத் தரை வழுக்குதுன்னு சொன்னார். கோபமாத்தான் சொன்னார். அன்னிக்கே எல்லா ரூமுக்கும் ரப்பர் மேட் வாங்கிப் போட்டோம். இந்தப் பயணத்துல யாரும் வழுக்கி விழல. அதுக்கு அவருக்குத்தான் நன்றி சொல்லணும்.

“இப்ப இவங்க மூணு பேரையும் பாருங்க. கயா அன்னிக்கு நீங்க ரெண்டரைக்கு எழுந்தீங்க. இவங்க படுக்கவே இல்ல. வெங்காயம் பூண்டு இல்லாம அன்னிக்குத் தனியாச் சமைச்சு, வழிக்கு இட்லியும் கட்டிக் குடுத்தாங்க. கயாவுல நீங்க ஆளுக்கு ஒரு காய், ஒரு பழம்னு விட்டுட்டு வந்தீங்க. மறுநாள் இவர் என்கிட்ட வந்து, ‘யார் யார் எந்தக் காய விட்டாங்கன்னு எழுதிக் குடுங்க, தெரியாமப் போட்டுடப் போறேன்’னு கேட்டார். அந்தப் பட்டியலை அடுப்புக்கு மேல ஒட்டிவெச்சிருக்கார். இவங்களுக்கு நாம எல்லாரும் சேர்ந்து நன்றி சொல்லுவோம்.

“நம்மள ஏத்திட்டுப் போன டிரைவர் இப்ப இங்க இல்ல. நேத்தே அவர்கிட்ட உங்க சார்பா சொல்லிட்டேன். படகுக்காரர்கிட்டயும் சொல்லியாச்சு.

“உங்க அப்பா அம்மாவ நம்பி ஒப்படைக்கற மாதிரி உங்க பிள்ளைங்க ஸ்டேஷன்ல என் கையில ஒப்படைச்சாங்க. ‘பார்த்துக்கோங்க’ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. நான் பார்த்துக்கிட்டதவிட நீங்க ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டதுதான் அதிகம். ரொம்ப நன்றி.”

இதைப் படிக்க மூன்று நிமிடம் ஆகும். கூடத்தில் கைதட்டலும் சிரிப்பும் சேர்ந்து ஐந்து நிமிடம். நாளைய விவரத்துக்கு ஐந்து. அதற்குமேல் இழுத்தால் பின்வரிசையில் கண் சொருகத் தொடங்கிவிடும். இந்தப் பேச்சில் “சிறப்பான”, “மறக்க முடியாத” போன்ற சொற்கள் இல்லை. ரெண்டரை மணி, பிளாஸ்க், ரப்பர் மேட், அடுப்புக்கு மேல் ஒட்டிய பட்டியல் என்று பார்த்தவர் மட்டுமே சொல்லக்கூடியவைதான் இருக்கின்றன. சமையல்காரரின் உழைப்பையும் பொதுவாகப் புகழாமல், பயணிகள் பார்த்திராத ஒரு காரியத்தை எடுத்துக்காட்டுகிறார். பயணிகளுக்கு இலையில் விழுந்தது தெரியும். அடுப்படியில் நடந்தது தெரியாது.

அன்பளிப்பு விஷயம் இதில் வரவே இல்லை என்பதையும் கவனியுங்கள். சமையல் ஆட்களுக்கும் உதவியாளர்களுக்கும் குழுவினர் ஏதாவது சேர்த்துக் கொடுப்பது வழக்கம்தான். அதை நன்றிப் பேச்சுக்குள் நுழைத்தால், சொன்ன அத்தனை நல்ல வார்த்தையும் வசூலுக்குப் போட்ட முன்னுரையாகத் தோன்றிவிடும். குழுவிலிருக்கும் மூத்தவர் ஒருவர் முந்தின நாளே ஒரு கவர் சுற்றிவிட்டு, அவரவர் விருப்பப்படி, யார் எவ்வளவு என்று தெரியாமல் சேர்த்துக் கொடுப்பதுதான் கௌரவமான முறை. தன்னைப் பற்றி மேனேஜர் வாயே திறக்கக் கூடாது. யாராவது தயங்கிக் கேட்டால், “சமையல் ஆட்களுக்குக் கொடுங்க, போதும்” என்று முடித்துவிட வேண்டும்.

பேசி முடித்ததும் பெரும்பாலும் பயணிகளில் ஒருவர் எழுந்து பதில் சொல்வார். சில சமயம் ஒரு அம்மா ஒரு பாட்டுப் பாடுவார். இதில் மேனேஜர்களுக்கு ஒரு கூச்சம் வரும். “அதெல்லாம் வேண்டாம்மா” என்று நடுவில் புகுந்து தடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்யக் கூடாது. நன்றி சொல்வது அவர்களுக்கும் உள்ள உரிமை. உட்கார்ந்து முழுசாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த டூர் எப்போது, எங்கே என்ற அறிவிப்பைப் பலர் இந்த இடத்தில் வைக்கிறார்கள். நிறுவனம் அச்சடித்துக் கொடுத்த நோட்டீசை விநியோகிப்பவர்களும் உண்டு. அதை ரயிலில் மறுநாள் செய்துகொள்ளலாம். காசி யாத்திரைக்காரர்களுக்கு இந்த இடத்தில் சொல்ல இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. மரபுப்படி இந்த யாத்திரை காசியில் முடிவதில்லை. ராமேஸ்வரத்தில் கடலாடி, மணல் எடுத்து வந்து திரிவேணியில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீர் கொண்டுபோய் ராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்தால்தான் அது நிறைவடைகிறது. குழுவில் பலர் மணல் கொண்டுவராமலே வந்திருப்பார்கள். சிலருக்கு இந்த வரிசையே தெரிந்திருக்காது. ராமேஸ்வரம் கோயில் அலுவலகத்தில் கங்கை அபிஷேகத்துக்குக் கட்டணம் கட்டி ரசீது வாங்க வேண்டும், செம்பின் பற்றை வீட்டில் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோக வேண்டும், வீட்டுப் பூஜைக்கு வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு செம்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்று மேனேஜர் சொன்னால், இரண்டாவது செம்பு வாங்காதவர்கள் காலையில் கடை திறக்கும் நேரத்தைக் கேட்பார்கள். பஸ் கிளம்பும் முன் ஒரு ஆளை அனுப்பி வாங்கிவரச் சொல்ல, எத்தனை செம்பு வேண்டும் என்று அப்போதே கை தூக்கச் சொல்லி எண்ணிக்கொள்வது நல்லது.